மலர் 4, இதழ் 24

ஹாதியாவின் கட்டுரையைச் சுப்புராமன் சார் இரண்டு முறை பாராட்டினார். முதல் முறை ஜெயப்பிரியா கையிலிருந்த தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறை அவள் எழுந்து வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

செங்கல்பட்டில் ஒரு கல்லூரியின் இதழியல் துறை. மாவட்டத்துப் பத்திரிகைகளின் வரலாற்றைத் தொகுக்கும் திட்டம் சுப்புராமன் சார் தலைமையில் அங்கே நடந்துகொண்டிருந்தது. ஜெயப்பிரியா அதில் மூன்று வருடமாக இருக்கிறாள். ஊரப்பாக்கத்திலிருந்து தினமும் மின்சார ரயிலில் வருவாள். 'கரைச்செய்தி' என்ற பழைய வார இதழை எடுத்து, கடலோரத்தில் ஒரு சம்பவம் நடந்து எத்தனை நாளில் அது அச்சேறியது என்று கணக்கிட்டு ஒரு அட்டவணை போட்டிருந்தாள். சராசரி நான்கு நாள். அந்த அட்டவணைதான் திட்டத்தின் முதுகெலும்பு என்று சார் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹாதியா வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. வந்தவள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருடத் தொகுதியில் ஒரு பக்கத்தைப் பிடித்துவிட்டாள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே படகு கவிழ்ந்து மீனவர் ஆறு பேர் இறந்த செய்தி அது. கரைச்செய்தியில் முகப்புத் தேதி ஜூன் 12, 'கடந்த வெள்ளியன்று' என்று தொடங்கி ஆறு பேரின் பெயர்களும் இருந்தன. சென்னை நாளிதழில் அதே செய்தி ஜூன் 15ஆம் தேதிதான் வந்தது. அதிலும் 'சமீபத்தில்' என்று நாலு வரி, பெயரே கிடையாது. ஆக, ஒரு சின்ன வார இதழ் பெரிய நாளிதழை மூன்று நாள் முந்திவிட்டது. மாமல்லபுரத்தில் நடக்கும் கருத்தரங்கில் அதைக் கட்டுரையாக ஹாதியாவே படிக்கட்டும் என்று சார் முடிவு செய்தார்.

அன்றிலிருந்து ஜெயப்பிரியாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஹாதியா "அக்கா, அக்கா" என்று சுற்றிச் சுற்றி வருவதும் பிடிக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பாதியை நீட்டுவதும் பிடிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் ஏதாவது தப்பு இருக்காதா என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

கருத்தரங்குக்கு நாலு நாள் முன்னால், ஒரு மத்தியானம், தொகுதியின் புகைப்படங்களைக் கணினியில் வரிசையாக ஓட்டிப் பார்த்தாள். தேதியை விட்டுவிட்டு இதழ் எண்ணை மட்டும் பார்த்தாள். ஜூன் 5ஆம் தேதி இதழ் 22. அடுத்து தொகுதியில் இருப்பது இதழ் 24, தேதி 12. இதழ் 23 கிழிந்து போயிருக்கிறது. அதற்கடுத்தது இதழ் 25, தேதி 26. வியாழக்கிழமை தவறாமல் வரும் பத்திரிகை அது. அப்படியானால் இதழ் 24 வந்திருக்க வேண்டியது 19ஆம் தேதி. அந்த இதழ் 24இன் நாலாம் பக்கத்தில் கூடாரக் கொட்டகை சினிமா விளம்பரம்: 'நாளை வெள்ளி 20-6-58 முதல்.'

நாற்காலியில் சாய்ந்தாள். முகப்பை ஒருமுறை ஈய எழுத்தில் கோத்து அப்படியே வைத்துக்கொண்டு வாரா வாரம் தேதியை மட்டும் மாற்றும் அச்சகம். அந்த வாரம் தேதி எழுத்தை மாற்ற மறந்திருக்கிறார்கள். விபத்து நடந்தது ஜூன் 13. நாளிதழ்தான் முதலில் போட்டிருக்கிறது. கரைச்செய்தி நாலு நாள் பிந்தி.

அப்போதே ஹாதியாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவள் பக்கத்து மேசையில்தான் இருந்தாள். ஜெயப்பிரியா சொல்லவில்லை. அந்த நாலு நாளும் அவளுக்கு நன்றாகப் பசித்தது.

மாமல்லபுரத்துக் கருத்தரங்கில் ஹாதியா படித்து முடித்ததும் கைதட்டல். கேள்வி நேரத்தில் ஜெயப்பிரியா எழுந்தாள். இதழ் எண்ணைச் சொன்னாள், விளம்பரத்தைச் சொன்னாள், நிதானமாகத் தேதிகளை அடுக்கினாள். ஹாதியா கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் காது மடல் சிவந்தது. "சரிதான்க்கா. நான் நம்பரைப் பார்க்கல," என்றாள்.

உட்கார்ந்தபோது ஜெயப்பிரியாவுக்கு உடம்பே லேசாக இருந்தது. அது ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. முன்வரிசையிலிருந்து சுப்புராமன் சார் திரும்பினார்.

"ஏம்மா ஜெயப்பிரியா, உன் அட்டவணையில எந்தத் தேதிய எடுத்துக்கினே?"

"முகப்புத் தேதி சார்."

"எல்லா இதழுக்கும் நம்பரோட ஒத்துப் பார்த்தியா?"

பார்க்கவில்லை என்பது அவளுக்கும் தெரியும், இப்போது அந்த அறையில் இருந்த நாற்பது பேருக்கும் தெரியும். ஹாதியாவின் ஒரு பக்கத்தைக் கவிழ்க்கப் போய் தன் மூன்று வருட வேலையையே சந்தேகத்தில் தள்ளியிருந்தாள்.

மூலத் தொகுதிகள் அதே ஊரில்தான் இருந்தன. கரைச்செய்தியை அச்சடித்தவரின் மகன் அப்பாஸ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் லாட்ஜ் நடத்துகிறார். துணி வெளுக்கும் அறையில் ஒரு இரும்பு அலமாரியில் பதினோரு தொகுதிகள். மறுநாள் காலையிலேயே சார் இருவரையும் அங்கே அனுப்பிவிட்டார். "எல்லாம் இங்கதான் கீது, பார்த்துக்கங்க. தாளு ஒடியும், மெதுவா பொரட்டுங்க," என்று சொல்லிவிட்டு அப்பாஸ் டீ சொல்லப் போனார்.

அங்கே வரும் வழியில் ஹாதியா ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

"நாலு நாளா தெரியும்."

ஹாதியா தலையை ஆட்டினாள். அதற்கப்புறம் அக்கா என்று கூப்பிடவில்லை.

ஒருத்தி எண்ணையும் தேதியையும் படித்தாள், இன்னொருத்தி பதிவேட்டில் எழுதினாள். தேதி இடித்த இடத்திலெல்லாம் விளம்பரம், திருவிழா அறிவிப்பு, பள்ளித் தேர்வு முடிவு என்று உள்ளே தேதி சொல்லும் வேறு ஏதாவது ஒன்றைத் தேடி ஒப்பிட்டார்கள். மத்தியானத்துக்குள் பழைய தேதியோடு வந்த இதழ்கள் ஒன்பது அகப்பட்டன. ஜெயப்பிரியாவின் நான்கு நாள் சராசரி இனி நிற்காது.

ஐம்பத்தெட்டாம் வருடத் தொகுதியில் இதழ் 25ஐப் புரட்டியபோது ஹாதியா நிறுத்தினாள். முதல் பக்கத்தின் அடிமூலையில், எண்ணெய் வியாபாரி விளம்பரத்துக்குக் கீழே விரலை வைத்தாள். கட்டை விரல் அகலத்துக்கு ஒரு கட்டம். 'திருத்தம்: சென்ற இதழில் படகு விபத்தில் மாண்டவராகக் கண்ட ஆறு பேரில் வேதாசலம் என்பவர் மறுநாள் வேறு குப்பத்தில் கரை சேர்ந்து, கடந்த வெள்ளியன்றுதான் வீடு திரும்பினார். தவறுக்கு வருந்துகிறோம்.'

ஜெயப்பிரியா கைப்பேசியை எடுத்து நாளிதழ்ப் பக்கங்களின் படங்களைத் தள்ளிப் பார்த்தாள். ஜூன் பதினைந்திலிருந்து அந்த மாதம் முடியும்வரை வேறு ஒரு வரியும் இல்லை. நாளிதழில் இன்றைக்கும் ஆறு பேர் செத்துத்தான் கிடக்கிறார்கள்.

"முந்திப் போட்டாங்களான்றது விஷயமே இல்ல," என்றாள் ஹாதியா மெதுவாக. "கரைச்செய்திக்காரங்க செத்தது யாருன்னு கேட்டாங்க. தப்புன்னதும் திருத்தினாங்க. அதான் வித்தியாசம்."

ஜெயப்பிரியா அந்தக் கட்டத்தை மறுபடியும் படித்தாள். இந்தப் பக்கத்தைத் தான் திறந்துவைத்து எத்தனை நேரம் பார்த்திருந்தாள். இதழ் 25 என்ற எண்ணையும் தேதியையும் மட்டும். ஹாதியாவைக் கவிழ்க்க அது போதும் என்று மூடிவிட்டாள். ஒரு சாண் கீழே கண்ணை இறக்கியிருந்தால் இந்தக் கண்டுபிடிப்பு தன்னுடையதாகியிருக்கும்.

பதிவேட்டில் கடைசிக் கட்டம், கண்டெடுத்தவர் பெயர். அப்போது எழுதிக்கொண்டிருந்தவள் ஜெயப்பிரியாதான். பேனா கட்டத்தின் மேலேயே நின்றது. ஹாதியா அவளைப் பார்க்கவில்லை, கேமராவின் வெளிச்சத்தைச் சரி செய்துகொண்டிருந்தாள். இரண்டு பெயரையும் சேர்த்து எழுதலாம், யாரும் கேட்கமாட்டார்கள் என்று ஒரு நொடி தோன்றியது.

ஹாதியா என்று எழுதினாள். எழுதிய பிறகும் பொறாமை போகவில்லை. அதை வைத்துக்கொண்டே அடுத்த தொகுதியை அலமாரியிலிருந்து இறக்கினாள்.