கட்டிலுக்கடியில் ஒரு நரம்பு

முதல் வருஷ எம்.பி.பி.எஸ். பரீட்சையில் சாயிராவைக் கவிழ்த்தது பிரேக்கியல் பிளெக்ஸஸ்தான். கழுத்தருகே ஐந்து வேர்களாகக் கிளம்பி, மூன்று தண்டாகி, பிரிந்து, திரும்பவும் மூன்று கயிறாகச் சேர்ந்து கை முழுக்கப் பரவுகிற நரம்புப் பின்னல். அதில் பின்கயிற்றின் கிளைகளைச் சொல்லும்போது நடுவே ஒன்று நழுவிவிடும். எப்போதும் அதே ஒன்றுதான், தோள்பட்டை எலும்புக்கு அடியில் ஓடும் லோயர் சப்ஸ்காபுலர்.

தாராவியில் தோல்பை தைக்கும் அவள் வாப்பா உதுமான் நீட்டி முழக்கவில்லை. “இந்த மட்டமும் தோத்தியன்னா, பேசாம வந்து மெஷின்ல உக்காரு.”

கல்லூரி நூலகத்தில் கிடைத்த பழைய புத்தகம் ஒன்று வழி சொன்னது. பழகிய வீடு ஒன்றில் மனசுக்குள் நட. ஒவ்வோர் இடத்திலும் ஒரு காட்சியை வை. காட்சி எவ்வளவு அசிங்கமோ அவ்வளவு ஒட்டும். சாயிரா தன் வீட்டையே எடுத்துக்கொண்டாள், அசிங்கத்தை மட்டும் விட்டுவிட்டாள். உம்மா தேய்த்துக் கழுவுகிற வீட்டில் அழுக்கை வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. கட்டிலுக்கடியில் லோயர் சப்ஸ்காபுலருக்காக ஒரு புதுத் தோல்பையை வைத்தாள். வழக்கம்போல அதுதான் மறந்தது.

கூடப் படிக்கும் ராஜலக்ஷ்மிக்கும் அந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தாள். தாராவியை ஒட்டிய மாட்டுங்காவில் வசதியான வீட்டுப் பெண்.

“எங்காத்துல எல்லாம் துடைச்சு வெச்சாப்ல இருக்குடி. ஒண்ணுமே ஒட்ட மாட்டேங்கறது. உங்க வீட்டுக்கு ஒரு நாள் வரட்டுமா?”

சாயிரா உருகிப்போனாள். கூடப் படிக்கிற ஒருத்தியும் அதுவரை சாக்கடைமேல் போட்ட பலகையைத் தாண்டி அந்தச் சந்துக்குள் வந்ததில்லை. உம்மா சைனப் சேமியாப் பாயசம் காய்ச்சினாள். ராஜலக்ஷ்மி ரசித்துக் குடித்தாள், இன்னொரு தம்ளரும் கேட்டாள். கண்கள் மட்டும் வீடு முழுக்க மேய்ந்துகொண்டிருந்தன.

வாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாள், டிசெக்ஷன் ஹால் வராந்தாவில் இருவரும் ஒருவரையொருவர் கேட்டுப் பார்த்தார்கள். ராஜலக்ஷ்மி கண்ணை மூடிக்கொண்டு பின்கயிற்றை ஒப்பித்தாள்.

“பரண் மேல தோள்பட்டை எலும்பு, அதுக்கு அடியில புழு. அப்பர் சப்ஸ்காபுலர். கீழே ஒரு பொம்பளை, முதுகெல்லாம் சிரங்கு. முதுகுக்குப் போற தொராக்கோடார்சல். கட்டிலுக்கடியில பெருச்சாளி அதே எலும்பைக் கடிக்கறது, பக்கத்துல பெரிய உருண்டையா அழுகின கறி. லோயர் சப்ஸ்காபுலர், பெரிய உருண்டைத் தசை டெரஸ் மேஜருக்கும் போகும். அப்புறம் அந்தப் பொம்பளை கையைத் தூக்கறா, அக்குள் வேர்வை பாயசத்துல சொட்டறது. ஆக்சிலரி. ரேடியோவுக்குள்ளேர்ந்து கரப்பான், ரேடியல்.”

ஒன்றுகூடத் தப்பவில்லை. எல்லாம் சாயிரா வீட்டுடையவை, அந்தப் பரண், அந்தக் கட்டில், அந்த ரேடியோ.

“அது எங்க உம்மாவா?”

ராஜலக்ஷ்மி கண்ணைத் திறந்தாள். “நீதானேடி சொன்னே, அசிங்கமா இருக்கணும்னு? தப்பா எடுத்துக்காதே. ரொம்ப நன்னா நிக்கறது.”

அவள் இடத்தில் வேறொருத்தி இருந்தால் அறைந்திருப்பாள். சாயிரா புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். இவளுக்கு இரண்டு தம்ளர் பாயசம் ஒரு கேடா என்று வழியெல்லாம் பொருமினாள்.

மறுநாள் பரீட்சகர் மேஜைமேல் கிடந்த பிணக் கையின் நரம்புகளைக் கிடுக்கியால் தூக்கினார். “பின்கயிறு. வரிசையாகச் சொல்.”

சாயிரா மனசுக்குள் வீட்டுக் கதவைத் திறந்தாள். அப்பர் சப்ஸ்காபுலர் என்றாள். தொராக்கோடார்சல் என்றாள். அப்புறம் கட்டிலுக்கடியில் குனிந்தாள். தோல்பையைக் காணோம்.

பரீட்சகர் கடிகாரத்தைப் பார்த்தார். “தெரியாதா? அடுத்த கேள்விக்குப் போகலாமா?”

அங்கே பெருச்சாளி உட்கார்ந்திருந்தது. சாயிரா அதைத் துரத்தியிருக்கலாம். துரத்தவில்லை. வாப்பாவின் தையல் மெஷின் கண்முன் வந்தது, பெருச்சாளியையே கூர்ந்து பார்த்தாள். எலும்பு, பக்கத்தில் உருண்டைக் கறி.

“லோயர் சப்ஸ்காபுலர். சப்ஸ்காபுலாரிஸுக்கும் டெரஸ் மேஜருக்கும்,” என்றாள். மிச்சத்தைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. உம்மா கையைத் தூக்கினாள், சொட்டியது. “ஆக்சிலரி. ரேடியல்.”

“குட்,” என்றார் பரீட்சகர்.

ரிசல்ட் வந்த அன்று வாப்பா சந்து முழுக்க மிட்டாய் கொடுத்தார். உம்மா அடுப்படியிலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்து, பரண்மேலிருந்த நல்ல தம்ளரைக் கையை உயர்த்தி எடுத்தாள். பாயசம் ஊற்றி நீட்டினாள்.

“குடி மக்ளே. அந்த மாட்டுங்காப் புள்ளையையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்லா? பாவம், எவ்வளவு ஆசையாக் குடிச்சா.”

சாயிரா ஒரு வாய் குடித்தாள். சாக்கடைப் பலகைக்கு ஓடிக் குனிந்தாள், குடல் வெளியே வருகிற மாதிரி ஓங்கரித்தாள்.

உம்மா பதறி ஓடிவந்து முதுகைத் தடவினாள். “கண்ணு பட்டுட்டு எம்புள்ளைக்கு.”

அந்தக் கையைச் சாயிரா தட்டிவிட்டாள்.