எட்டடி தள்ளி ஒரு முகம்

திருத்தணியில் முடி இறக்கிவிட்டு வந்து மூன்று நாளாகியும் சுரேகாவுக்குத் தலை இன்னும் தன்னுடையதாகவே இல்லை. மின்விசிறிக் காற்று உச்சியில் பட்டால் யாரோ பின்னால் நின்று மெல்ல ஊதுவது போலிருந்தது. காய்ந்த சந்தனம் தலையணையில், தோளில், லேப்டாப்பின் பொத்தான்களுக்கு நடுவில் என்று உதிர்ந்துகொண்டேயிருந்தது. நடந்தால் கால் தரையைத் தொடுகிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு மிதப்பு.

எல்லாம் அவளாகத் தேடிக்கொண்டதுதான். மகள் பிறந்தபின் ஆறு வருடம் வீட்டிலிருந்துவிட்டு, முப்பத்தெட்டு வயதில் மறுபடி வேலை தேடினாள். ஏழு நேர்காணலில் ஏழும் ஊற்றிக்கொண்டது. எட்டாவதுக்கு முந்தின நாள் சாமி படத்தின் முன் நின்று, "முருகா, இது கிடைச்சா என் முடி உனக்கு" என்று சொல்லிவிட்டாள். பூமுடி என்று சொல்லியிருந்தால் நுனியில் மூன்று கத்தரிப்போடு முடிந்திருக்கும். ஆத்திரத்தில் இருப்பவளுக்கு அளவு ஏது? மொத்தத்தையும் கொடுத்துவிட்டாள். நேர்காணல் முடிந்த நான்காம் நாள் வேலை கிடைத்துவிட்டது. நாமும் எத்தனையோ வேண்டுகிறோம், இவ்வளவு சுருக்காக நமக்குப் பதில் வருகிறதா?

"முதல் மாசம் முழுக்க வீட்ல இருந்துதானே வேலை. கேமராவே வேணாம்னுட்டாங்க. யார் பார்க்கப் போறா?" என்று கணவன் பிரசன்னாவும் சொன்னான். அந்தத் தைரியத்தில்தான் செவ்வாய்க்கிழமை நெமிலிச்சேரியில் திருத்தணிக்கு ரயிலேறினாள்.

வெள்ளிக்கிழமை காலை மேலாளர் கலியமூர்த்தியிடமிருந்து மெயில் வந்தது. புது புராஜெக்ட்டுக்கு ஆள் தேர்வு செய்ய வெளிநாட்டு வாடிக்கையாளர் எல்லோருடைய புரொஃபைலையும் கேட்கிறாராம். மாலை ஐந்துக்குள் புகைப்படத்தோடு ஏற்ற வேண்டும். இரண்டு வாக்கியம், வணக்கம்கூட இல்லை. இந்த புராஜெக்ட்டில் பெயர் வராவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். தகுதிகாண் காலத்தில் சும்மா உட்கார்ந்தவர்கள் அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

போன் முழுக்க மகளின் படங்கள். தன் படம் என்று தேடினால் கல்யாண மாலையோடு ஒன்று, யாரோ வீட்டு வளைகாப்பில் பாதித் தோளோடு ஒன்று. கடைசியில் லேப்டாப்பில்தான் ஒன்று அகப்பட்டது. எட்டாவது நேர்காணலுக்குப் பத்து நிமிடம் முன்பு, வெளிச்சம் சரியா என்று பார்க்க அதிலேயே எடுத்துக்கொண்டது. கோட்டு இருந்தது, பின்னலும் இருந்தது. முகம்தான் எவர்சில்வர் செம்பில் தெரிகிற மாதிரி முன்னால் வீங்கிக் கிடந்தது.

பட்டாபிராம் ஸ்டேஷனை ஒட்டிய பத்மா ஸ்டுடியோவில் மதியம் கூட்டமில்லை. துப்பட்டாவைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு பென் டிரைவை நீட்டினாள் சுரேகா. கடையை நடத்துகிற சாவித்திரிக்கும் அவள் வயதுதான் இருக்கும். அந்தப் பக்கத்துக்காரி. படம் திரையில் விரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாக்கா, லேப்டாப்புல எடுத்ததா? மூஞ்சிய கொண்டுபோய் கேமராவாண்ட ஒட்டிகினு எடுத்துருக்கீங்க. அந்த டோரைப் பாருங்க, வில்லு மாரி வளைஞ்சிகினு கீது."

"சரி பண்ண முடியுமா? அஞ்சு மணிக்குள்ள வேணும்."

"புதுசா ஒண்ணு எடுத்துக்கலாமே. அஞ்சு நிமிசம் வேலை."

சுரேகா சுற்றிலும் பார்த்துவிட்டுத் துப்பட்டாவைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினாள். சாவித்திரி பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு, திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தக் கேளாமைக்காகவே சுரேகாவுக்கு அவளைப் பிடித்துப்போனது.

முதலில் சாவித்திரி திரையில் லென்ஸ் வளைவைச் சரிசெய்யும் பட்டியை நகர்த்தினாள். கதவு மெல்ல நிமிர்ந்தது. சுவரில் தொங்கிய காலண்டரின் ஓரமும் நேரானது. வெளியே ரயில் போனது, கடையின் கண்ணாடியெல்லாம் கிணுகிணுத்தது. தன் வீட்டுக் கதவு தண்ணீருக்கடியிலிருந்து எழுந்து நிற்பதைப் போல சுரேகாவுக்குத் தோன்றியது. ஆனால் மூக்கு மட்டும் இருந்த இடத்திலேயே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"மூக்கு அப்படியே இருக்கே?"

"அது லென்ஸ் பண்ண வேலை இல்லக்கா. லென்ஸ் வளைக்கிறது ஓரத்துலதான் ஜாஸ்தி தெரியும், உங்க மூஞ்சி நடுவுல கீது. மூக்க பெருசாக்கினது நீங்க உக்காந்த கிட்டம்." சாவித்திரி தன் உள்ளங்கையை சுரேகாவின் முகத்துக்கு முன்னால் கொண்டுவந்தாள். "ஒரு அடி தூரத்துல கேமரா இருந்தா, மூக்கு ரொம்பக் கிட்ட, காது அதுக்கு நாலஞ்சு இஞ்ச் பின்னாடி. அதான் மூக்கு ஊதிக்கும், காது கன்னத்துக்குப் பின்னால ஒளிஞ்சிக்கும். எட்டடி தள்ளி நின்னு எடுத்தா அந்த நாலஞ்சு இஞ்ச் ஒரு கணக்கே இல்ல. லென்ஸ் எதுவா இருந்தாலும் இதான்."

"அப்ப எனக்கு நிஜமாவே இந்த மூக்கு இல்லையா?"

கேட்டபிறகுதான் தான் கேட்டது அவளுக்கே உறைத்தது. ஏழு நேர்காணலிலும் திரையின் மூலையில் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு பேசினாள். இவ்வளவுதானா நான், ஆறு வருடத்தில் இப்படியா ஆகிவிட்டேன் என்று நினைக்க நினைக்க நாக்கு குழறியது. தெரிந்த பதில்கூட பாதியில் நின்றது. எல்லாம் ஒரு அடி தூரத்தின் சதி என்று இப்போது ஒருத்தி சாவகாசமாகச் சொல்கிறாள். சுரேகாவுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது.

"இல்லக்கா. உங்க மூக்கு நல்லாதான் கீது," என்றாள் சாவித்திரி. "இதைக் கையாலதான் தள்ளணும். ஆனா எவ்ளோ தள்றதுன்னு எனக்கு நிஜ அளவு வேணும். குத்துமதிப்பா தள்ளினா புள்ளையார் புடிக்கப் போயி குரங்கா பூடும். ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கறேன். அளவுக்குத்தான், யாருக்கும் காட்டமாட்டேன்."

உள்ளறையில் சாம்பல் நிறத் திரைக்கு முன்னால் சுரேகா முக்காலியில் உட்கார்ந்தாள். கடையில் மாட்டியிருந்த கோட்டைப் போட்டுக்கொண்டாள். துப்பட்டாவை எடுத்து மடியில் வைத்தாள். சாவித்திரி பின்வாங்கி, பின்வாங்கி, வாசற்படி வரைக்கும் போய் ஜூம் லென்ஸைத் திருகினாள். கேமராவை சுரேகாவின் கண் உயரத்துக்கு இறக்கினாள். அவ்வளவு தூரத்திலிருந்து ஒருவர் தன்னைப் பார்ப்பது வெகு நாளைக்குப் பிறகு என்று சுரேகாவுக்குப் பட்டது. வீட்டில் எல்லோருமே கிட்டத்தில்தான் இருக்கிறார்கள். எங்கேயோ ரயில் ஊதியது. உச்சந்தலையில் காற்று பட்டது. அவள் திருத்தணி மலைப்படிகளை நினைத்துக்கொண்டாள். லேசாகச் சிரித்திருக்கவும் கூடும், அவளுக்கு நினைவில்லை.

பிறகு வெகுநேரம் வேலை நடந்தது. அந்தப் படத்தை அரைகுறையாகத் தெரியும்படி ஆக்கி, வீங்கின முகத்தின்மேல் போட்டு, கண்ணுக்குக் கண் பொருத்தினாள் சாவித்திரி. சுட்டியால் மூக்கைச் சுற்றிலும் மெல்ல மெல்ல உள்ளே தள்ளினாள். நெற்றியை ஒடுக்கினாள். கன்னத்தைக் கொஞ்சம் அகட்டினாள். ஒளிந்திருந்த காதுகளுக்கு லேப்டாப் படத்தில் ஒன்றுமே இல்லை, ஆகவே புதுப் படத்திலிருந்து வெட்டி ஒட்டி, பின்னலின் ஓரத்தோடு இழைத்தாள். திரையில் ஒரே முகத்தில் இரண்டு சுரேகாக்கள் கலந்து நின்றார்கள். ஒருத்திக்கு முடி இருந்தது, ஒருத்திக்கு இல்லை. கனவில் நம்மையே நாம் பார்த்துக்கொண்டு நிற்போமே, அதுபோல சுரேகா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மணி நாலரை. வேலை முடிந்தது. பின்னலும் கோட்டுமாக, அளவான மூக்கோடு, ஒரு அழகான பெண் திரையிலிருந்து பார்த்தாள்.

"நல்லா வந்துருக்கு," என்றாள் சுரேகா. மனசார சொன்னாள்.

"வந்துருக்கு. காது மட்டும் நான் கட்டினது." சாவித்திரி கழுத்தை நெட்டி முறித்தாள். "முடிய நான் தொடவேயில்லக்கா. அது அப்படியே பத்திரமா கீது."

பத்திரமாக. பென் டிரைவை எடுக்கப்போன சுரேகாவின் கை அந்தச் சொல்லில் நின்றது. செவ்வாய்க்கிழமை குனிந்த தலையோடு உட்கார்ந்து, மடியில் கொத்துக் கொத்தாக விழுந்ததை ஒரு எள்முனை வருத்தமும் இல்லாமல் கொடுத்துவிட்டு எழுந்தவள் அவள். வெள்ளிக்கிழமை பட்டாபிராமில் உட்கார்ந்து அதையே திருப்பி வாங்கிக்கொண்டிருக்கிறாள். கொடுத்ததைத் திருப்பி வாங்குவதா? அவள் வீட்டில் யாரும் அப்படிச் செய்ததில்லை. வெள்ளைக்காரன் பார்த்துப் பயந்துவிடுவானோ என்று சாமியிடம் வார்த்தை மாறுவதா? வேலை போனால் போகட்டும் என்று நினைக்கும் தைரியமெல்லாம் அவளிடம் இல்லை. வேலை வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் அதை வேண்டித்தானே கொடுத்தாள்?

"அந்த அளவுப் படத்தைக் காட்டுங்க," என்றாள்.

சாவித்திரி திறந்தாள். மொட்டைத் தலை. காதோரம் நகக்கண் அளவு சந்தனம். இரண்டு காதும் முழுசாக, மூக்கு தன் அளவில், கண் நேராக. வெட்கமில்லாமல், வீங்காமல் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். யாரும் தள்ளாத, இழைக்காத முகம். எட்டடி தள்ளிப் பார்த்ததைத் தவிர அதற்கு ஒன்றுமே செய்யவில்லை.

"இதைப் போன்ல அனுப்புங்க."

"சந்தனத்த எடுத்துடவா?"

"வேணாம். இருக்கட்டும்."

கடை வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்து ஏற்றினாள். நாலு ஐம்பத்திரண்டு. ஏற்றி முடிந்ததும் உடனே அழித்துவிடலாமா என்று இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு போனைக் கவிழ்த்து வைத்தாள். சாவித்திரி இரண்டு டீ வாங்கி வந்தாள். அரக்கோணம் பக்கம் போகிற ரயில் ஒன்று கூட்டத்தோடு கடந்தது. ஜன்னலில் ஒரு குழந்தை இவள் தலையையே பார்த்துக்கொண்டு போனது. துப்பட்டா மடியிலேயே கிடந்ததை அப்போதுதான் கவனித்தாள்.

போன் அதிர்ந்தது. கலியமூர்த்தி.

முதல் செய்தி: "புரொஃபைல் கிடைத்தது. வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டேன். திங்கள் காலை பத்து மணிக்கு உங்களோடு பேச வேண்டுமாம். கேமரா ஆன்."

வணக்கம் இல்லை. அவள் மூச்சை விடுவதற்குள் இரண்டாவது வந்தது.

"திருத்தணியா, திருப்பதியா?"

சுரேகா சத்தம் போட்டுச் சிரித்தாள். டீ சிந்தியது. கண்ணில் வந்ததைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு, 'திருத்தணி, சார்' என்று தட்டினாள். பிறகு சாவித்திரியிடம் திரும்பினாள்.

"எங்க வீட்டு ஹால்ல எட்டடி கிடையாதுங்க. திங்கக்கிழமை எவ்வளவு தள்ளி உட்காரணும்?"

"ரெண்டரை, மூணு அடி போதும்க்கா. லேப்டாப்ப நாலு புக்கு மேல தூக்கி வையுங்க, கண்ணு நேருக்கு," என்றாள் சாவித்திரி.