ஒரு ஜீப்புக்கு ஒரு ஓட்டு

பதினான்கு வருஷம் ஜீப்பில் மலையேறி ஏலக்காய் பறித்தவள் காளீஸ்வரி. முழங்கால் மக்கர் பண்ணியபின் அடிவாரத்துப் போடி ஊரிலேயே தங்கி, கொழுந்தன் சிவக்குமாரோடு சேர்ந்து யூடியூப் சேனல் நடத்துகிறாள். படம் பிடிப்பதும் வெட்டி ஒட்டுவதும் அவன் சோலி, பேச்சு இவளுடையது.

இந்த சீசனுக்கு அவள் பார்வையாளர்களிடம் வாய்விட்டே சொல்லிவிட்டாள்: “ஆறு வீடியோ. ஆறும் நீங்க கேக்குறதுதான். என் ஆசைக்கு ஒண்ணும் கிடையாது.”

ஒரே வாரத்தில் இருநூற்றுச் சொச்சம் கமெண்ட் வந்தது. ஒரே விஷயத்தைப் பத்துப் பேர் பத்து விதமாகக் கேட்டிருந்ததை நோட்டில் சேர்த்து எழுதினாள். பதினைந்து தலைப்பு மிஞ்சியது. சேனலில் வைக்கும் ஓட்டெடுப்பான போலில் ஒரு தடவைக்கு ஐந்துதான் போட முடியும் என்பதால் மூன்று போல் வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு இடம் பிடிப்பவை வீடியோவாகும்.

மூன்றாவது போலில் தேவாரம் ஊர்ப் பக்கத்துக் காட்டு யானை முதலாவது, பழைய மீட்டர்கேஜ் ரயில் இரண்டாவது. ‘காலை ஒன்பது மணிக்குப் போடி’ என்று யாரோ கேட்டிருந்தது நூற்றுக்கு நாலு பேரோடு கடைசியில் கிடந்தது.

“நம்ம ஊரக் காலையில பாக்க எவன் மதினி ஓட்டுப் போடுவான்?” என்று சிவக்குமார் சிரித்தான். காளீஸ்வரி அதைக் காதில் வாங்கவில்லை. மதுரைக்குப் போகும் அந்தக் குட்டி ரயிலில் அப்பா மடியில் உட்கார்ந்து, கரித்தூசியும் வேர்க்கடலையுமாகப் போன நினைப்பிலேயே இருந்தாள். கேட்காமலே அவள் ஆசை ஜெயித்திருந்தது. ஆறு தலைப்பையும் அன்றைக்கே அறிவித்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் வீரலட்சுமி வழிமறித்தாள். ஜீப்பில் இவளோடு ஒரே பலகையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்.

“ஏக்கா, பதினாறு பேரு ஓட்டுப் போட்டும் எங்களத் தோக்கடிச்சிட்டியே! வீட்டுல உக்காந்ததும் மலைச்சனம் மறந்துபோச்சாக்கும்?”

“எங்கடி பதினாறு பேரு?”

“ஜீப்புலதான். முனியாயி போன்ல. எல்லாரும் பேசி ஒம்போது மணியத் தொட்டோம்.”

“அடிப் பாவி, ஒரு போனுல ஒரு ஓட்டுத்தானடி விழும்!”

வீரலட்சுமி கூடையைக் கீழே வைத்தாள். “அப்ப மத்த ஜீப்பும் அப்படித்தானக்கா. எல்லாத்துலயும் ஒரு போனத்தான சுத்திச் சுத்திப் பாக்குறோம்.”

“அந்தத் தலைப்ப எதுக்குடி கேட்டீக?”

“இருட்டுல ஜீப்பு ஏறி இருட்டுல எறங்குறவளுக்கு ஒம்போது மணிப் போடி எப்படியிருக்கும்னு தெரியுமாக்கா? எங்களுக்கு லீவு ஞாயித்துக்கெழமதான், அன்னிக்குப் பள்ளிக்கூடம் பூட்டிக் கெடக்கு. என் மக தலைய எப்படிப் பின்னிக்கிட்டுப் போறாளோ, நான் கண்டனா?”

காளீஸ்வரிக்குச் சுருக்கென்றது. திருப்பூரில் வேலை பார்க்கும் தன் மகன் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனதை அவளும் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

வீட்டில் சிவக்குமார் குதித்தான். “சொன்ன சொல்லு என்னாகுறது? ரயிலுக்குப் போட்டவுக சும்மா விடுவாகளா?”

“எண்ணாம விட்டது நம்ம தப்பு தம்பி. எண்ணிப் பாத்துட்டுப் பேசுவோம்.”

மறுநாள் விடியுமுன் ஜீப் ஸ்டாண்டில் நோட்டும் கையுமாக நின்றாள். ஒவ்வொரு ஜீப்பாக அந்த மூன்றாவது போலின் ஐந்து தலைப்பையும் வாசித்தாள். “போன்ல அமுக்குனவுக கை தூக்காதீக. ஆளுக்கு ஒரு கைதான்!”

“ரெண்டு கை தூக்குனா ரெண்டு வீடியோவா?” என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்க, ஜீப்பே குலுங்கியது.

ஒன்பது ஜீப். நூற்று முப்பத்தோரு கை. போலில் விழுந்த ஓட்டுகளையும் சேர்த்துக் கூட்டியபோது யானை முதலிடத்திலேயே இருந்தது. ஒன்பது மணிப் போடிக்குத் தொண்ணூற்றெட்டு, ரயிலுக்கு எண்பத்துநாலு.

ரயில் விழுந்துவிட்டது. காளீஸ்வரி இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தாள்; அதே கணக்குதான் வந்தது.

“ஏழாவதாப் போட்டுருவமா மதினி? ஒங்க ஆசைதான?” சிவக்குமார் குரல் இறங்கியிருந்தது.

“அதுக்குத்தான் வேண்டாங்குறேன்.”

நடந்ததை மறைக்காமல் சேனலில் எழுதினாள்: ஜீப்பில் பதினாறு பேர் ஒரு போனில் பார்ப்பதை அங்கிருந்தே வந்த நான் மறந்தேன். ரயில் கேட்டவர்கள் மன்னிக்கவும். அடுத்த சீசன் போலில் முதல் பேர் அதுதான்.

திட்டு வந்தது. “கை தூக்குறதெல்லாம் கணக்கா?” என்று மதுரைக்காரர் ஒருத்தர் கேட்டார். “கைதான் காய் பறிக்குது அண்ணே” என்று பதில் போட்டாள்.

தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்கி, பிள்ளைகள் முகம் தெரியாதபடி பின்னாலிருந்து படம் பிடித்தார்கள். ஒன்பது மணி வெயில், இட்லிக் கடை ஆவி, வாசலில் குவியும் பைகள், ரிப்பன்கள்.

“போதும் மதினி, நீளமாப் போகுது.”

“கடைசிப் பிள்ள உள்ள போகட்டும்.”

வீடியோ வெளியான மறுநாள் முழங்காலில் தைலம் தடவிக்கொண்டு அவளும் ஜீப்பில் ஏறினாள். மலையில் சிக்னல் அறுந்துபோகும் என்று முனியாயி வீட்டிலேயே டவுன்லோடு செய்து வைத்திருந்தாள். முதல் வளைவு திரும்பும்போது போன் கைமாறத் தொடங்கியது.

“நிப்பாட்டு, நிப்பாட்டு!” வீரலட்சுமி போனைப் பிடுங்கிக் கண்ணருகே வைத்தாள். “இந்தக் கோணல் சடை என் மகதான். யாருக்கா பின்னிவிட்டது?”

“அவளே பின்னியிருப்பா.”

“இம்புட்டு அழகாவா?”

அவள் போனைத் தர மறுத்தாள். மற்றவர்கள் சண்டை பிடித்தார்கள். காளீஸ்வரி பலகையில் இன்னும் கொஞ்சம் இடித்து உட்கார்ந்து, அதே வாசலை அவளோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.