கைப்பைக்குக் கீழே பன்னிரண்டு மணி

அன்றைக்குக் காலையிலேயே எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த நாத்தனார், நான் தினமும் ஓடுவதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறாள். அதை நானே ஏற்கெனவே பத்து நிமிடம் தள்ளித்தான் வைத்திருந்தேன். ஆக, ஆளில்லாத பஸ் நிறுத்தத்தில் வெயிலைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். வீட்டுக்காரரிடம் போனில் சண்டை போட்டால், “நல்லது பண்ணப் போய்த் திட்டு வாங்கறாளே எங்கக்கா” என்று சிரிக்கிறார். அவருக்கென்ன, வெயிலில் நின்றவள் நானல்லவா.

நான் வேலை பார்ப்பது புகைப்படங்களை ஆராயும் ஆபீஸில். ஒரு படம் எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, அதில் யாராவது கைவைத்திருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லவேண்டும். கோர்ட்டு, இன்ஷூரன்ஸ், பள்ளிக்கூடம் என்று எங்கிருந்தும் கேட்டு வருவார்கள். எங்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்தக் கணக்கையும் இரண்டு பேர் தனித்தனியாகப் போடவேண்டும். ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கக்கூடாது. இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் அறிக்கை வெளியே போகும். என்னோடு கணக்குப் போடுகிறவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தோம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு லென்ஸ், சாப்பிடும்போதுகூட அதை எடுத்து வைக்கமாட்டார்.

எங்களிடம் வந்திருந்தது ஒரு டீச்சரின் படம். பிப்ரவரி நடுவில் பிள்ளைகளை ஒரு பெரிய தோட்டத்துக்குச் சுற்றுலா கூட்டிப்போயிருக்கிறார்கள். மூன்று மணி வரை வேறொரு ஆசிரியர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, மூன்றிலிருந்து இந்த டீச்சர் அல்லிக்குளத்தருகே நிற்பது என்று ஏற்பாடு. மூன்று பத்துக்கு ஒரு சிறுமி பாசியில் வழுக்கிக் குளத்தில் விழுந்தாள். மூன்று பன்னிரண்டுக்கு ஆம்புலன்ஸுக்குப் போன் போயிருக்கிறது. பிள்ளை பிழைத்துவிட்டாள், இப்போது நன்றாகப் பள்ளிக்கூடம் போகிறாள். ஆனால் டீச்சர் குளத்துப் பக்கமே இல்லை என்று புகார். கூட வந்திருந்த வேறொரு பிள்ளையின் தகப்பனார் எடுத்த படத்தில், டீச்சர் குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சூரியக் கடிகாரத்தில் சாய்ந்து, போனில் சிரித்துப் பேசுகிறார். ‘இதை எடுத்த கையோடதான் அலறல் கேட்டுச்சு’ என்று அவர் சத்தியம் பண்ணுகிறார். அவருடைய கேமராவோ பாட்டரி மாற்றியபின் நேரம் சரிசெய்யப்படாதது. இரண்டாயிரமாவது ஆண்டு ஜனவரி ஒன்று என்று பதிவாகியிருந்தது.

போனில் பேசியதை டீச்சர் மறைக்கவில்லை. அது தன் இடைவேளையில், மூன்று மணிக்கு முன்னால் என்றார். தனக்கு வந்த அழைப்பு என்றார். ஆனால் பிள்ளையைத் தூக்க அவர் குளத்தில் இறங்கியபோது அந்த போன் தண்ணீரில் போனது. எதிர்முனையில் பேசிய தோழிக்கு நேரம் நினைவில்லை, அவர் போனில் பழைய பதிவும் இல்லை; கம்பெனியோ கோர்ட்டு உத்தரவு இல்லாமல் பதிவு தராது. ஆகவே எல்லாம் அந்தக் கடிகாரத்தின் நிழலில் வந்து நின்றது. மூன்றுக்கு முன் என்றால் டீச்சருக்கு வேலை இருக்கும். பின் என்றால் வேலையும் போகும், இனி எந்தப் பள்ளிக்கூடமும் வாசல்படி ஏற்றாது.

ஒருநாள் டீச்சர் ஆபீஸ் நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். சம்பந்தப்பட்டவர்களோடு நாங்கள் பேசக்கூடாது. தண்ணீர் பிடிக்கப் போன என்னைப் பார்த்து அவராகவே சொன்னார்.

“குளத்துகிட்டதான் நின்னேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேங்க. சொல்லிச் சொல்லி, இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. நான்தான் பொய் சொல்றேனோ என்னவோ.”

நான் பாதி நிறைந்த பாட்டிலை மூடிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். அதற்கும் என்மேலேயே கோபம்.

கணக்கு ஒன்றும் பிரமாதமில்லை. கடிகாரம் ஒரு வட்டப் பித்தளைத் தட்டு. நடுவில் சாய்வாக நிற்கும் முக்கோணத் தகடு. அதன் நிழல் விளிம்பு இரண்டரைக் கோட்டுக்கும் இரண்டே முக்கால் கோட்டுக்கும் நடுவே விழுந்திருந்தது. அளந்தால் இரண்டு முப்பத்தாறு. நிழலின் ஓரம் கத்தியால் வெட்டினாற்போல் இருக்காது, கொஞ்சம் மங்கியிருக்கும். அதனால் இரண்டு மூன்று நிமிடம் முன்பின் என்று வைத்துக்கொள்வோம். பார்த்ததும் யாரும் ‘அட, மூணுக்கு முன்னாடிதானே’ என்பார்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. தட்டு காட்டுவது சூரியன் நேரம், நம் கையிலிருப்பது கடிகார நேரம். சூரியன் வருஷம் முழுக்க ஒரே சீராக உச்சிக்கு வருவதில்லை. பிப்ரவரி நடுவில் கடிகாரத்துக்குப் பதினாலு நிமிடம் பிந்தித்தான் வரும். அதைக் கூட்டவேண்டும். பிறகு ஊரின் கணக்கு. நாட்டுக்கெல்லாம் நேரம் வைக்கும் தீர்க்கரேகைக்கு எங்கள் ஊர் ஐந்து டிகிரி மேற்கே. டிகிரிக்கு நான்கு நிமிடம் என்று, எங்களுக்குச் சூரியன் இருபது நிமிடம் பிந்தி வரும். அதையும் கூட்டவேண்டும்.

இரண்டு முப்பத்தாறோடு முப்பத்துநாலு. மூன்று பத்து. எனக்கும் மூன்று பத்து, பூதக்கண்ணாடிக்கும் மூன்று பத்து. பிள்ளை விழுந்த அதே நேரம்.

புகாரை விசாரிக்கும் அதிகாரிக்குப் போனில் தகவல் போயிற்று. ரொம்ப நிம்மதி என்றார். அந்தத் தகப்பனார் சொன்னதும் கணக்கும் அச்சாகப் பொருந்துகிறது, இனி பேச்சே இல்லை என்றார். ஒரே ஒரு வேண்டுகோள்தான்: நிழல், கோணம் எல்லாம் தனக்குப் புரியாதாம், சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஒரு படம் வரைந்து அறிக்கையில் சேர்க்க முடியுமா.

எரிச்சலோடுதான் உட்கார்ந்தேன். அந்த டீச்சர் முகம் மறையவில்லை. புகைப்படத்தில் சாய்வாகத் தெரிந்த தட்டைக் கம்ப்யூட்டரில் நிமிர்த்தி முழு வட்டமாக்கி, அச்செடுத்து, மேலே மெல்லிய தாளைப் போட்டுப் பென்சிலால் வரைந்தேன். முதலில் தகட்டின் அடிக்கோடு, வடக்கு தெற்காக. அதன் வடக்கு முனைக்கு நேராகப் பன்னிரண்டு மணிக்கோடு வரவேண்டும். படத்தில் டீச்சரின் கைப்பை அதன்மேல் உட்கார்ந்திருந்தது, பதினொன்றிலிருந்து ஒன்று வரை ஒன்றும் தெரியாது. சரி, தெரிந்த கோடுகளை வரைவோம் என்று காலை ஆறு மணிக்கோட்டையும் மாலை ஆறு மணிக்கோட்டையும் ஒரே கோடாக இழுத்தேன். அது தகட்டைச் சரியாகக் குறுக்கே வெட்டவேண்டும். செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை வைத்தேன். பொருந்தவில்லை.

தட்டை நிமிர்த்தியதில் தப்பு பண்ணிவிட்டேனோ என்று மறுபடி செய்தேன். மறுபடியும் கோணல். மாலை ஆறு வடக்கே சாய்ந்திருந்தது, காலை ஆறு தெற்கே. அந்தச் சாய்மானத்தை அளந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். தகட்டுக்குச் சரியான குறுக்கே இருக்கவேண்டியது ஆறு மணி அல்ல, ஆறு இருபது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்துபோய்ப் பூதக்கண்ணாடியின் மேசையில் தாளை வைத்தேன். அவர் ஆடி அசைந்து பார்த்துவிட்டு, தட்டு போட்டவன் கோணலாகப் போட்டிருப்பான் என்றார்.

“கோணல் இல்லண்ணே. செஞ்சவன் நம்ம ஊருக்குன்னே கோட்டை நகர்த்திப் போட்டிருக்கான். அந்த இருபது நிமிஷம் தட்டுலயே இருக்கு. நாம மேல இன்னொரு இருபது கூட்டிட்டோம்.”

“ரெண்டு பேருக்கும் ஒரே விடை வந்துச்சேம்மா.”

“ரெண்டு பேரும் ஒரே மாதிரி தப்பு பண்ணா ஒரே விடைதான் வரும்.”

இருபது வருஷமாக இப்படித்தான் கணக்குப் போடுகிறோம்: சூரியனுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று. கையே தானாகக் கூட்டிவிடும். ஊருக்கானதைத் தட்டிலேயே சேர்த்துச் செதுக்கும் ஆட்கள் உண்டு என்று எங்கள் இருவருக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்? கைப்பைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யார் கேட்டோம்? காலையில் என் நாத்தனாரை அந்தப் பாடு படுத்தினேனே, அவள் செய்ததும் இதுதான்.

அறிக்கையை மாற்றினால் அதிகாரி குதிப்பார், முதலில் சொன்னதை விழுங்குகிறோம் என்று பள்ளிக்கூடத்தாரும் பிடித்துக்கொள்வார்கள் என்று பூதக்கண்ணாடி தயங்கினார். மூலைமட்டத்தை மட்டும் நம்பி மாற்ற முடியாது என்றும் சொன்னார். அதில் நியாயம் இருந்தது. நேரில் போய்ப் பார்த்தே ஆகவேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். நல்லவேளை, ஏப்ரல் நடுவாகியிருந்தது. வருஷத்தில் சில நாட்கள்தான் சூரியனுக்கும் கடிகாரத்துக்கும் உள்ள அந்த நிமிடச் சண்டை தீர்ந்து பூஜ்யமாகும். அதில் ஒன்று இந்த வாரம். ஆகவே, ஊர்க்கணக்கு தட்டிலேயே இருந்தால் தட்டும் கைக்கடிகாரமும் ஒன்றாகக் காட்டும். இல்லாவிட்டால் தட்டு இருபது நிமிடம் பின்தங்கும்.

மறுநாள் காலை போனோம். போன நேரம் பார்த்து மேகம். தோட்டத்துக் காவல்காரர் வந்து, இது எப்பவும் சரியா மணி காட்டாதுங்க, பிப்ரவரியில் ஒரு மாதிரி, நவம்பரில் ஒரு மாதிரி என்று தட்டைக் குறை சொன்னார். அவரிடம் விளக்க எனக்குப் பொறுமை இல்லை. குளத்தைப் பார்த்தபடி கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பாசியைச் சுரண்டிக் கம்பிவேலி போட்டிருந்தார்கள். பூதக்கண்ணாடி கொண்டுவந்த பிஸ்கட்டை ஆளுக்குப் பாதியாகத் தின்றோம்.

மேகம் விலகியபோது முதலில் புல்லில் வெளிச்சம் வந்தது, பிறகு தட்டில். ஓடினேன். பன்னிரண்டு மணிக்கோடு தகட்டுக்கு நேராக இல்லை, மேற்கே ஒதுங்கியிருந்தது. நிழல் பதினொன்றே கால் கோட்டில் கிடந்தது. கைக்கடிகாரத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தேன். பதினொன்றே கால்.

பூதக்கண்ணாடி லென்ஸை எடுத்து நிழலின் ஓரத்தைப் பார்த்தார், தன் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “போலாம்மா” என்றார்.

இரண்டு முப்பத்தாறும் பதினாலும். இரண்டு ஐம்பது. அதிகாரி குதிக்கத்தான் செய்தார். அவருக்கு என் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைச் சொல்லிப் புரியவைத்தேன். அந்தத் தகப்பனாரும் நல்ல மனிதர்தான். படமும் அலறலும் நெஞ்சில் ஒட்டிக்கொண்டதில் நடுவிலிருந்த இருபது நிமிடம் தொலைந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டார். டீச்சரை மறுபடி வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த வாரம் ஆபீஸ் நடைபாதையில் அவர் நின்றிருந்தார். விசாரணை முடிந்துவிட்டதால் பேசலாம். எங்கள் கணக்கு முதலில் தப்பியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

“அப்ப அவ விழுந்தப்ப நான் குளத்துகிட்டதான் இருந்தேன், இல்லையா?”

ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்தப் படத்தில் அது இல்லை.

“ரெண்டு அம்பதுக்கு நீங்க கடிகாரத்துகிட்ட இருந்தீங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அது போதும்ங்க. மிச்சம் எனக்குத் தெரியும்.”