சிவப்பு பஸ்ஸும் கறுப்பு ஆட்டோவும்

“பஸ்ஸைப் பாரும்மா, பஸ்ஸை! கீழே சிவப்பு, மேலே சந்தன கலர். அந்தத் துறைமுக ஊரை விட்டா வேற எந்த ஊர்ல…”

“பஸ்ஸை விடுங்க சார், ஆட்டோவைப் பாருங்க…”

“ஆட்டோ என்ன பெரிய ஆட்டோ! மூணு சக்கரம் இருந்தா எல்லா ஊர்லயும் ஆட்டோதான்…”

“சக்கரம் மூணுதான் சார். கலர் ஊருக்கு ஒண்ணு.”

“என்னைப் பேசி முடிக்க விடறியா?”

“நீங்க முடிக்கறதுக்குள்ள படம் வெளியே போயிடுமே, அதான் நடுவில பேசறேன்!”

பத்திரிகை அலுவலகத்தின் அந்தக் கூடத்தில் யாரும் தலை நிமிரவில்லை. செய்தி ஆசிரியருக்கு ‘அவசரம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வருகிற படங்களை எல்லாம் உண்மையா பொய்யா என்று சலித்துப் பார்க்கும் அவளுக்கு ‘சந்தேகம்’. அவசரமும் சந்தேகமும் மோதிக்கொள்வது அங்கே மின்விசிறி சத்தம் மாதிரி. நின்றால்தான் ஏதோ கோளாறு என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆனால் அன்றைக்கு அவள் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. அதை அவர் கவனித்துவிட்டார்.

திரையில் இருந்த படம் அப்படி. மழைத் தண்ணீர் தேங்கிய ஒரு தெரு. குறுக்கே போன இரும்பு நடைபாலம் ஒடிந்து, ஒரு முனை தரையில் கிடக்கிறது. அதன் அடியில் நசுங்கிய ஆட்டோ. பின்னால் நிற்கும் பஸ், பாதி மறைந்த ஒரு டாக்ஸி, குடைகள், கூட்டம். ‘துறைமுக நகரில் சற்றுமுன், பலர் பலி’ என்ற வரியோடு ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் முந்தின நாளிலிருந்து பேய் மழை என்பது நிஜம். போன் கோபுரங்கள் படுத்துவிட்டன என்பதும் நிஜம். அவளுடைய தங்கை அந்த ஊரில்தான் குடியிருக்கிறாள், தினமும் ஒரு நடைபாலம் ஏறி இறங்கித்தான் வேலைக்குப் போகிறாள் என்பதும் நிஜம்.

“உன் தங்கச்சி அங்கே இருக்கா. அதான் உனக்கு இது அந்த ஊரா இருக்கக் கூடாதுன்னு இருக்கு,” என்றார் அவசரம், குரலைத் தாழ்த்தி. “தப்பில்லைம்மா. யாரா இருந்தாலும் அப்படித்தான். வேற ஒருத்தரைப் பார்க்கச் சொல்லட்டுமா?”

அவள் படத்தையே மறுபடி பார்த்தாள். அவர் சொன்னதில் பொய் இல்லை. படத்தைத் திறந்ததும் முதலில் கண்ணில் விழுந்தது அந்தச் சிவப்பு பஸ்தான். அதற்குப் பிறகுதான் ஆட்டோவைப் பார்த்தாள். பார்த்தாளா, தேடினாளா? அவளுக்கே தெரியவில்லை.

மேஜை மேல் போன் அதிர்ந்தது. அம்மா.

“எடுத்தாளாடி?”

“இல்லைம்மா. டவர் இல்லை அங்கே.”

“கீழ் வீட்டுக்காரி போன்ல ஒரு படம் காட்டறா. பாலம் விழுந்து கிடக்கு. நம்ம சின்னவ போற பாலமாடி அது?”

“அதைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன்.”

“பார்த்தா தெரியாதா? எத்தனை தடவை வா வான்னு கூப்பிட்டா! ஒரு நடை போய் வந்திருந்தா அவ போற பாலம் எதுன்னு இப்போ தெரிஞ்சிருக்கும். உலகத்துப் படத்தையெல்லாம் உத்து உத்துப் பார்ப்பே, கூடப் பிறந்தவ வீடு எந்தத் திசைன்னு…”

“அம்மா, வை. கூப்பிடறேன்.”

போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“சார், நீங்க உட்காருங்க.”

“எங்கே?”

“என் இடத்துல. நான் வாயைத் திறக்க மாட்டேன். எனக்கு ஆசை இருக்குன்னு சொன்னீங்களே, உங்களுக்கு அது இல்லை. உங்களுக்கு இது அந்த ஊரா இருக்கணும்னுதானே இருக்கு? நீங்களே பார்த்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா நான் கேட்டுக்கறேன்.”

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்கிற மனிதர் உட்கார்ந்தார். அதுவே பாதி வெற்றி. பக்க வடிவமைப்பாளர் தன் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்து நின்றார்.

அவள் திரையில் இன்னொரு படத்தை எடுத்து, பாலத்துப் படத்தின் பக்கத்தில் வைத்தாள். துறைமுக ஊரின் ரயில் நிலைய வாசல். அவர்கள் பத்திரிகையின் புகைப்படக்காரரே போன மாதம் எடுத்தது.

“பஸ்,” என்றார் அவசரம். “அட, இதுல நீலமா இருக்கு.”

அவள் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

“மாத்திட்டாங்க இல்லை? நாமதான் செய்தி போட்டோம். பழைய சிவப்பு வண்டியை எல்லாம் ஏலம் விட்டாங்க.” அவர் தாடையைத் தேய்த்தார். “ஆனா ஒண்ணு ரெண்டு சிவப்பு இன்னும் ஓடிக்கிட்டு இருக்கலாமே. பெயிண்ட் அடிக்காத வண்டி இருக்கும்.”

“இருக்கலாம் சார்,” என்றாள், அதற்கு மட்டும். அவளும் அதையேதான் நினைத்துப் பயந்துகொண்டிருந்தாள்.

அவர் படத்தைப் பெரிதாக்கினார். பஸ்ஸின் பக்கவாட்டில், சிவப்புக்கு நடுவே, ஒரு சதுரம் மட்டும் வேறு சிவப்பாக இருந்தது. கிழிந்த புடவையில் அவசரத்துக்கு ஒட்டுப்போட்ட மாதிரி.

“இங்கே என்னமோ அழிச்சிருக்கான்.”

“துறைமுக ஊர் பஸ்ல அந்த இடத்துலதான் போக்குவரத்துக் கழகத்தோட முத்திரை இருக்கும்,” என்றார் வடிவமைப்பாளர். அவள் திரும்பி அவரை முறைத்தாள். “நான் வாயைத் திறக்கலாமே, என் தங்கச்சி அங்கே இல்லையே,” என்றார் அவர்.

அவசரத்தின் கை பஸ்ஸின் நெற்றிக்குப் போனது. ஊர்ப் பெயர் ஒளிர வேண்டிய கண்ணாடிப் பெட்டி இருட்டாகக் கிடந்தது. அதன் மேல் ஒரு தகரப் பலகையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். மழையில் எழுத்து கலங்கிப் படிக்க முடியவில்லை.

“ஏலத்துல எடுத்த வண்டி,” என்றார் மெதுவாக. “முத்திரையை அழிச்சான், போர்டைக் கட்டினான், மிச்சத்தை அப்படியே விட்டுட்டான் கஞ்சன். அப்போ இது எந்த ஊர்ல வேணா ஓடும்.”

அவள் நெஞ்சில் ஒரு முடிச்சு தளர்ந்தது.

“டாக்ஸி… வெள்ளை, இடுப்புல மஞ்சள் பட்டை. இது பத்து ஊர்ல இருக்கு, பிரயோஜனமில்லை. சரி, உன் ஆட்டோவுக்கு வரேன், முறைக்காதே.”

ரயில் நிலைய வாசலில் நின்ற ஆட்டோக்கள் எல்லாம் பச்சை உடம்பு, மஞ்சள் கூரை. பாலத்துப் படத்தில் கூட்டத்துக்குப் பின்னால் வரிசையாக நின்றவை எல்லாம் கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை. நசுங்கிக் கிடந்ததும் கறுப்பு. பச்சை மருந்துக்குக்கூட இல்லை.

“ஒண்ணு ரெண்டு வெளியூர் ஆட்டோவா இருக்கக் கூடாதா?” என்று கேட்டுவிட்டு, அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். “ஒரு வரிசை முழுக்க எப்படி வெளியூர் ஆட்டோவா இருக்கும்? இது ஸ்டாண்டு. பஸ்ஸை வித்துடலாம், டாக்ஸி சவாரி எடுத்து ஊர் தாண்டும். ஆட்டோவுக்கு பர்மிட்டே அந்த ஊர் எல்லைக்குள்ளதான். அது எங்கேம்மா போகும்?”

“அதைத்தானே சார் வந்ததுலேர்ந்து…”

“வாயைத் திறக்க மாட்டேன்னே!”

வடிவமைப்பாளர் சிரித்துவிட்டார். அவளுக்கும் உதட்டோரம் துடித்தது, சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாதபடி.

“ஆட்டோ பக்கத்துல வெள்ளைக் கட்டம் போட்டு உள்ளே ஏதோ எண் எழுதியிருக்கு,” என்றார் அவசரம். இப்போது அவருக்கே சூடு பிடித்துவிட்டது. “கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை, வெள்ளைக் கட்டம். இது எங்கே? இப்போ பேசு.”

“கட்டத்துக்குள்ள ஸ்டாண்டு இருக்கற பேட்டையோட எண் போடறது எனக்குத் தெரிஞ்சு ரெண்டு ஊர்ல சார். ஒண்ணு தலைநகரம், அங்கே ஏலத்து பஸ் ஓட விட மாட்டாங்க. இன்னொண்ணு மலையடிவாரத்து ஊர்.”

“நம்ம நிருபர் இருக்காரே அங்கே. போடு போனை.”

மலையடிவாரத்து நிருபர் தூங்கி எழுந்த குரலில் பேசினார். அவள் ஒலியைப் பெருக்கி வைத்தாள்.

“உங்க ஊர்ல சிவப்பும் சந்தனமுமா பஸ் ஓடுதா அண்ணே?”

“ஓடுது, ஓடுது. துறைமுக ஊர்ல கழிச்சுக் கட்டினதை நாங்க மாலை போட்டு வரவேற்றோம். பெயிண்ட் அடிக்கவும் மனசு வரலை புண்ணியவான்களுக்கு. ஏன்?”

“நடைபாலம் ஏதாவது இடிஞ்சு விழுந்துச்சா?”

“காய்கறிச் சந்தை வாசல்ல விழுந்துச்சே, போன வருஷ மழையில. நான்தான் படம் எடுத்தேன். இப்போ புதுசே கட்டியாச்சு.”

அவள் போனை நெருங்கிக் கேட்டாள்: “செத்தவங்க எத்தனை பேர் அண்ணே?”

“ஒரு ஈ காக்கா சாகலை. ஆட்டோ ஒண்ணு அப்பளமாப் போச்சு. அதோட டிரைவர் எதிர்க்கடையில டீ குடிச்சுக்கிட்டு இருந்தான். இன்னிக்கு வரைக்கும் அந்த டீக்கடைக்காரனைத்தான் குலதெய்வம்ங்கறான். முழுப் படம் அனுப்பவா?”

முழுப் படம் வந்தது. சுற்றிக்கொண்டிருந்த படம் அதில் பாதிதான். வெட்டிப் போட்ட ஓரத்தில், சந்தையின் பெயர்ப்பலகை மலையடிவாரத்து ஊரின் பெயரோடு பளிச்சென்று இருந்தது. அதற்கு அடியிலேயே இன்னும் இரண்டு கறுப்பு ஆட்டோ, வெள்ளைக் கட்டத்தோடு.

அவசரம் எழுந்து நாற்காலியை அவளிடம் தள்ளினார். “பலகையைப் பார்த்து வெட்டத் தெரிஞ்சவனுக்கு ஆட்டோவைப் பார்த்து வெட்டத் தெரியலை. இந்தப் படம் அந்த ஊர் இல்லைன்னு உடனே போடு. ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு. ஆட்டோவைச் சுத்தி வட்டம் போடு.” கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி வந்தார். “பஸ்தான் பெரிசா இருக்கு, அதனால கண்ணு அதுலயே போகுது. எனக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும்.”

“எனக்கும்தான் சார்,” என்றாள்.

அம்மாவைக் கூப்பிட்டாள். “அம்மா, அது சின்னவ ஊரே இல்லை. பழைய படம். கீழ் வீட்டு அக்காகிட்ட அழிக்கச் சொல்லு.”

“எப்படிடி சொல்றே?”

“ஆட்டோ கறுப்பு கலர்மா.”

“ஆட்டோ கறுப்பா இருந்தா?”

“கறுப்பா இருந்தா நம்ம சின்னவ நல்லா இருக்கான்னு அர்த்தம்.”

அம்மா அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “எந்த எழவு கலரா இருந்தா என்ன, அவ வாயால கேட்டாத்தான் எனக்குச் சோறு இறங்கும்.”

அது அவளுக்கும் பொருந்தியது. படம் பொய் என்பது வேறு, தங்கை பத்திரம் என்பது வேறு. ஆட்டோவின் கலர் முதலாவதைத்தான் சொல்லும். மழை இன்னும் பெய்துகொண்டுதானே இருக்கிறது அங்கே. செய்தியைப் போட்டு முடித்து, தண்ணீர் குடிக்க எழுந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“அக்கா? நான்தான். இது பக்கத்து வீட்டு போன், கொஞ்ச நேரம் முன்னாடிதான் டவர் வந்துச்சு. நேத்தே கரண்ட் போயிடுச்சு, என் போன்ல சார்ஜ் இல்லை. மாடியில பத்திரமா இருக்கோம். என்னமோ பாலம் விழுந்துச்சுன்னு இங்கேயே ஒரே அழுகை, அப்புறம் உங்க பேப்பர்ல அது பொய்யின்னு வந்ததாம். எல்லாரும் அதைத்தான் படிச்சுக் காட்டறாங்க. நீதானே அது?”

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். போன உயிர் கால் வழியாக ஏறி வருவது போலிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாயில் வந்ததைச் சொன்னாள்:

“உங்க ஊர் ஆட்டோ பச்சைடி. பச்சை உடம்பு, மஞ்சள் கூரை. பின்னால சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டை. முன்னால கண்ணாடிக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு. அந்தப் படத்துல…”

தங்கை சிரித்தாள். மழைச் சத்தத்துக்கு நடுவே, சின்ன வயசில் சிரித்த அதே சிரிப்பு.

“வெள்ளைக் கோடு வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்கியே… அதுல ஏறி என் வீட்டு வாசல்ல எப்பக்கா வந்து இறங்கப் போறே?”