ஒரு விரல் நரை

பார்லர்காரிக்கு இருந்தது இரண்டே நாற்காலி. ஆறு தடவை தலைக்கு டை அடிக்கும் பேக்கேஜுக்கு விலை வைத்தபோது அவள் கணக்கு சுத்தமாகத்தான் இருந்தது. மாதம் ஒரு தடவை வந்தால் வேரில் ஒரு விரல் அகலம் வெளுத்திருக்கும். அரை டியூப் போதும், ஒரு மணி நேரத்தில் நாற்காலி காலி. திரும்பத் திரும்ப வருகிறவர்களாயிற்றே என்று தள்ளுபடியும் கொடுத்தாள். நாத்தனாரை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

கணவனின் அக்கா முதல் ஆளாகப் பேக்கேஜ் வாங்கி, தன் சிநேகிதிகள் நால்வரையும் வாங்க வைத்தாள். அதோடு விட்டிருந்தால் கோடி புண்ணியம். "மாசாமாசம் ஓடாதீங்க. நல்லா வெளுக்கட்டும். ஆறு தடவைய ஒன்றரை வருஷத்துக்கு இழுத்துடலாம்" என்று யோசனையும் சொல்லிக்கொடுத்தாள்.

மூன்று மாதம் கழித்து, ஒரு கல்யாணத்துக்கு முதல் நாள், ஐந்து தலைகளும் ஒன்றாக வந்து இறங்கின. ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை டியூப், இரண்டு மணி நேரம் பிடிக்கும். முழு விலை கொடுக்கிறவர்கள் வாசலோடு திரும்பிப் போனார்கள். ஆறு தடவையும் இப்படியே போனால் ஒரு நாற்காலியை விற்க வேண்டியதுதான். கூடக் காசு கேட்டால் குடும்பச் சண்டை, கேட்காவிட்டால் கடை மூடல்.

பார்லர்காரி அரை டியூப்பை மட்டும் கலந்து, நாத்தனாரின் வேரில் பூசினாள். கிண்ணம் காலியானதும் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். கண்ணாடியில் வேர் கறுப்பு, நடுவே வெள்ளைப் பட்டை, அதற்குக் கீழே பழைய சாயம்.

"என்னம்மா இது, ரோட்டுல போட்ட கோடு மாதிரி?"

"பேக்கேஜ் அவ்வளவுதான் அண்ணி. மாசம் வந்தா இது போதும். மூணு மாசத்து நரைக்கு இன்னும் ஒரு டியூபு, ஒரு மணி நேரம். அதுக்குத் தனியா ஆகும்."

"என்கிட்டயே காசு கேக்கறியா?"

"பயந்துக்கிட்டேதான் கேக்கறேன்" என்றாள்.

சோபாவில் இருந்த சிநேகிதி சிரித்தாள். "நீங்க கவலப்படாதீங்கம்மா. தம்பி பொண்டாட்டி உங்களுக்கு சும்மாவே போட்டுடுவா. உங்களுக்குன்னா எங்களுக்கும் அப்படித்தானே?"

நாத்தனார் கண்ணாடி வழியாக அந்தச் சிநேகிதியைப் பார்த்தாள். தம்பியின் கடையில் ஊரார் ஓசியில் தலை கறுப்பதா? தானென்றால் அது வேறு விஷயம்.

"போடும்மா. நான் குடுத்துடறேன்" என்றாள். "ஆனா இவங்ககிட்ட ஒரு பைசா விடக் கூடாது."

பார்லர்காரி புது டியூப்பைப் பிரித்தாள். டை ஊறும் வரை தலையில் பிளாஸ்டிக் தொப்பியோடு நாத்தனார் சோபா பக்கம் போனாள். சிநேகிதிகளின் வகிடுகளில் ஒவ்வொன்றாக விரலை வைத்து அளந்தாள்.

"உனக்கு மூணு விரல்டீ. எடு காச."