மெயிலில் எடுத்த வரி

தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் மூக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு நீளம் என்பதால் அல்ல. பாட்டில் தண்ணீரில் பிளாஸ்டிக் வாடையோ குழாய்த் தண்ணீரில் பாசி வாடையோ துளி இருந்தாலும், மோந்து பார்க்க உட்காரும் ஐந்து பேரில் முதலில் கண்டுபிடிப்பவள் அவள்தான். பதினொரு வருடமாக மோப்ப அறையின் முதல் நாற்காலி அவளுடையது. பிரிவின் தலைமைப் பதவி காலியானபோது அதுவும் தனக்குத்தான் என்று இருந்தாள். வெளியிலிருந்து ஒருத்தியை எடுத்தார்கள். அதுவும் இவளைவிட ஆறு வயது இளையவளை.

இது போதாதென்று, வருகிறவளுக்கு வரவேற்பு மெயில் அனுப்புவதும் இவள் தலையில்தான் விழுந்தது. பிரிவில் யார் சேர்ந்தாலும் முதல் மெயில் அவள் எழுதுவதுதான் வழக்கம். டைரக்டர் வியாழக்கிழமை காலை வந்து, "நீங்க போட்டா ஒண்ணும் விட்டுப்போகாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். பாராட்டுகிறாராம். பதவி கொடுக்கத் தோன்றாத மனிதருக்குப் பாராட்டு மட்டும் தாராளமாக வருகிறது.

மூக்கக்கா கம்ப்யூட்டரைத் திறந்தாள். அடையாள அட்டைக்காக வந்திருந்த படம்தான் முதலில் கண்ணில் பட்டது. வழவழவென்று தோளில் வழியும் தலைமுடி, சிரித்த முகம். வயிறு எரிந்தது. ஊற்றி அணைக்கிற எரிச்சல் இல்லை அது.

ஆனாலும் கை பழகிய வேலை. திங்கட்கிழமை எட்டரைக்கு வர வேண்டும். முன்வாசல் பார்சல் வண்டிகளுக்கு, நீங்கள் பின்வாசலுக்கு வாருங்கள், காவலாளியிடம் உங்கள் பெயர் இருக்கும். அசல் சான்றிதழ்கள், இரண்டு புகைப்படம். விரல் தெரியாத, மூடிய ஷூ. ஒன்பது மணிக்குப் பாதுகாப்பு விளக்கம். பத்து மணிக்கு டைரக்டருடன் மோப்ப அறையில் சோதனையைக் கவனிப்பது. மதியம் கடந்த மூன்று மாதப் புகார்க் கோப்புகளைப் படிக்கத் தொடங்குவது. சம்பளம், விடுப்பு பற்றிக் கேட்க நிர்வாக அலுவலக எண். மற்ற எல்லாவற்றுக்கும் இவளுடைய எண்.

கடைசி வரி எப்போதும் இதுதான்: 'சென்ட், பவுடர், வாசனை எண்ணெய், எதுவும் போட்டுக்கொண்டு வர வேண்டாம். மோப்ப அறைக்குள் விட மாட்டோம்.' பல வருடத்துக்கு முன் அவளே சேர்த்த வரி அது.

அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முதல் நாள், புது வேலை, பெரிய பதவி. சென்ட் போடாமலா வருவாள்? பத்து மணிக்கு டைரக்டர் முகத்தைச் சுளித்து, "நீங்க வெளிய இருங்க" என்று சொல்வார். அதைக் கண்ணால் பார்த்தால் போதும், ஒரு மாதத்துக்குச் சாப்பாடு வேண்டாம். பொய் எழுதவில்லையே, ஒன்றை எழுதவில்லை, அவ்வளவுதானே. வரியை அழித்தாள். அனுப்பினாள்.

சாயங்காலமே பதில் வந்துவிட்டது. 'நன்றி மேடம். எல்லாம் தெளிவாக இருக்கிறது. திங்கள் சந்திப்போம்.' அதைப் படித்ததும் மூக்கக்காவுக்கு உச்சி குளிர்ந்தது.

ஆனால் அந்தப் படத்துத் தலைமுடி மட்டும் மனதை விட்டு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பியூட்டி பார்லருக்குப் போய், இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து, தன் சுருட்டை முடியை நேராக்கிக்கொண்டு வந்தாள். மூன்று நாள் தலைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்று பார்லர்காரி சொல்லி அனுப்பினாள்.

"வர்றது உன் ஆபீசரா, சம்பந்தியா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"உங்களுக்கு ஜலதோஷம். பேசாம ஆவி பிடிங்க" என்றாள்.

திங்கட்கிழமை எட்டேகாலுக்கே பின்வாசலில் நின்றாள். புதியவள் எட்டு இருபத்தைந்துக்கு வந்தாள். மூடிய ஷூ, கையில் சான்றிதழ் கோப்பு. முடியை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தாள். அந்தக் கொண்டையைப் பார்த்ததும் இரண்டரை மணி நேரமும் வீண் என்று மூக்கக்காவுக்கு ஆத்திரமாக வந்தது. கை குலுக்கும் சாக்கில் கிட்டே போய் மூச்சை இழுத்தாள். ஒன்றும் இல்லை. சோப்பு வாசனைகூட இல்லை. சரி, காற்றில் தெரியாது, மூடிய அறையில் தெரியும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பத்து மணிக்கு மோப்ப அறையில் சூடாக்கிய குடுவைகள் மூடியோடு வரிசையாக இருந்தன. மூன்று மூன்றாக ஐந்து வரிசை வைத்திருந்தார்கள். வரிசைக்கு ஒரு குடுவையில் புகார் வந்த தண்ணீர், இரண்டில் சுத்தத் தண்ணீர். எதில் வாடை என்று ஐவரும் தனித்தனியே எழுத வேண்டும். மூக்கக்கா தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். புதியவள் சுவரோரம் நின்றாள். கதவைச் சாத்தியதும் டைரக்டர் தலையைத் தூக்கினார்.

"யாரு வாசனையா ஏதோ போட்டிருக்கறது? வாழைப்பழ எசன்ஸ் மாதிரி அடிக்குது."

மூக்கக்கா ஆசையோடு சுவர்ப்பக்கம் திரும்பினாள். மற்ற நான்கு பேரும் மூக்கக்காவையே பார்த்தார்கள்.

"என்னம்மா, நீங்களா?" என்றார் டைரக்டர்.

அப்போதுதான் புரிந்தது. பார்லரில் பூசிய க்ரீம். நேற்று மாலையிலிருந்து அதே வாடையில் உண்டு, உறங்கி, பஸ்ஸில் வந்திருக்கிறாள். எப்பேர்ப்பட்ட மூக்கும் பழகிய வாசனையைச் சொல்லாது என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவள் அவள்தான். முகம் செத்துப்போயிற்று.

"புதுசா வர்றவங்களுக்கே மெயில்ல எழுதி அனுப்புறோம்" என்றார் டைரக்டர். பிறகு சுவரோரம் பார்த்து, "உங்களுக்கு வந்துச்சில்ல?"

மூக்கக்கா சுவர்ப்பக்கம் திரும்பாமல் குடுவையைப் பார்த்தாள்.

"வந்துச்சு சார்" என்றாள் புதியவள்.

"அஞ்சு பேர் வேணுமே இப்போ."

"பழைய லேப்ல நாலு வருஷம் இதுல உட்கார்ந்திருக்கேன் சார். நான் உட்காரட்டுமா?"

மூக்கக்கா எழுந்தாள். அவள் உட்கார்ந்த சூடு ஆறாத நாற்காலியில் புதியவள் உட்கார்ந்தாள். கதவுக்கு வெளியே வந்து கண்ணாடி வழியாகப் பார்த்தபோது, அந்தக் கொண்டை ஒவ்வொரு குடுவையாகக் குனிந்து நிமிர்ந்தது. எதையாவது தப்பாக எழுதித் தொலைக்கட்டும் என்றுதான் அப்போதும் மனம் வேண்டியது. எழுதவில்லை. ஐந்து வரிசையிலும் சரியாகச் சொல்லியிருந்தாள்.

சோதனை முடிந்து புதியவள் நேரே அவளிடம் வந்தாள்.

"மேடம், மெயில்ல அந்த வரி இல்ல. எங்க பழைய லேப்லயும் இதே ரூல்ங்கறதால நானா எதுவும் போடாம வந்தேன். உங்களுக்கு விட்டுப்போயிருக்கும்."

தலையாட்டினால் போதும், விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் எல்லோர் முன்னாலும் தன்னைக் காப்பாற்றியவளிடம் இன்னொரு சலுகையும் வாங்கிக்கொள்ள மூக்கக்காவால் முடியவில்லை. அவளுக்கு அந்தப் பெண்மேல் அவ்வளவு பொறாமை.

"விட்டுப்போகல" என்றாள். "நான்தான் எடுத்தேன்."

புதியவள் கையிலிருந்த தாள்களை மேசையில் தட்டி நேராக்கினாள்.

"புதன்கிழமை ஒரு பையன் சேர்றான். அவனுக்கும் நீங்கதான் மெயில் போடணும்" என்றாள்.

"நானா?"

"நீங்கதான். அனுப்பறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவை காட்டிடுங்க."

"சரி மேடம்" என்றாள் மூக்கக்கா. பதினொரு வருடத்தில் அவள் எழுதிய மெயிலை யாரும் அனுப்புமுன் காட்டச் சொன்னதில்லை.